காலைக் கோப்பையும் காலைக்கடனும்

 

கதைக்கக் கூச்சமான ஒரு விசயத்தைக் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறோம். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

"காலையில ஒரு தேத்தண்ணி உள்ளுக்குப் போனால்தான் எனக்கு வெளிக்கு வரும்." இந்த வசனத்தைச் சொல்லாத வீடு எங்கள் தீவில் குறைவு. சிலருக்கு அது பால் தேத்தண்ணி, சிலருக்கு வெறுந்தேத்தண்ணி, வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர்களுக்குக் கோப்பி. இதைச் சொன்ன உடனே பக்கத்தில் இருக்கிற ஒருவர் இன்னொரு வசனம் சொல்லுவார்: "அப்படிப் பழகாதை, பிறகு குடல் தானா வேலை செய்யாது." இரண்டு பேரும் நல்ல நம்பிக்கையோடுதான் சொல்லுகிறார்கள். இதில் முதலாவது பெரும்பாலும் சரி, இரண்டாவது பிழை என்பது எங்கள் கருத்து. கெடுதல் கோப்பைக்குள் இல்லை. அதைக் குடித்த பிறகு வருகிற அரைமணித்தியாலத்தை நாங்கள் என்ன செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

முதலில் கோப்பியை எடுப்போம், ஏனென்றால் ஒழுங்காக அளந்து பார்க்கப்பட்டது அதுதான். 1990ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரு வைத்தியக் குழு 99 சுகதேகிகளிடம் நேரடியாகவே கேட்டது: கோப்பி குடித்தால் உங்களுக்கு வெளிக்குப் போகவேண்டும் போல் வருகிறதா? 100க்கு 29 பேர் ஆம் என்றார்கள். பிறகு சிலரைத் தெரிந்தெடுத்து, பெருங்குடலின் கடைசிப் பகுதியில் மெல்லிய அளவுகருவி வைத்து, கோப்பியைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆம் என்று சொன்னவர்களின் குடல் 4 நிமிடத்துக்குள் சுருங்கி விரியத் தொடங்கியது. அந்த அசைவு அரைமணித்தியாலமாவது நீடித்தது. இல்லை என்று சொன்னவர்களின் குடல் அசையவில்லை. அதே அளவு சுடுதண்ணி கொடுத்தபோதும் அந்த அசைவு வரவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 4 நிமிடம். வாயால் குடித்த கோப்பி 4 நிமிடத்தில் பெருங்குடலுக்குப் போய்ச்சேராது. இரைப்பையையும் முழச் சிறுகுடலையும் தாண்ட அதற்குப் பல மணித்தியாலம் வேண்டும். ஆகவே கோப்பி குடலைப் போய்த் தள்ளுவதில்லை. அது இரைப்பையில் விழுந்த உடனே அங்கிருந்து நரம்பு வழியாகவும், இரத்தத்தில் கலக்கும் ஓமோன்கள் வழியாகவும் ஒரு செய்தி கீழே போகிறது. "மேலே புதுச் சாமான் வருகுது, கீழே இடம் விடு" என்பதுதான் அந்தச் செய்தி. சாப்பிட்டு முடித்த உடனே குழந்தைகள் துணியை நனைப்பதும் இதே செய்தியால்தான். எங்கள் உடம்பில் பிறக்கும்போதே இருக்கிற ஒரு ஏற்பாடு இது. கோப்பி அந்த ஏற்பாட்டின் மணியைக் கொஞ்சம் பலமாக அடிக்கிறது.

எவ்வளவு பலமாக? 1998இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 12 சுகதேகிகளின் பெருங்குடலுக்குள் நீளமான அளவுக்குழாய் வைத்து, அவர்களை நடமாட விட்டு அளந்தார்கள். ஒரு நேரம் 240 மில்லிலீற்றர் கோப்பி, இன்னொரு நேரம் கஃபீன் எடுத்த கோப்பி, இன்னொரு நேரம் சுடுதண்ணி, மற்றொரு நேரம் 1000 கலோரி கொண்ட ஒரு முழுச் சாப்பாடு. கோப்பி குடலை அசைத்த அளவு அந்த முழுச் சாப்பாடு அசைத்த அளவுக்குக் கிட்ட வந்தது. தண்ணியைவிட 60 வீதம் கூட, கஃபீன் எடுத்த கோப்பியைவிட 23 வீதம் கூட.

கஃபீன் எடுத்த கோப்பியும் வேலை செய்கிறது என்பதைப் பாருங்கள். அப்படியென்றால் எல்லாப் பெருமையும் கஃபீனுக்கு இல்லை. கோப்பிக்கொட்டையில் இருக்கிற வேறு பொருட்களும் இரைப்பையைத் தூண்டுகின்றன. கஃபீன் அதற்குமேல் கொஞ்சம் கூட்டுகிறது, அவ்வளவுதான்.

இனி எங்கள் தேத்தண்ணி. தேயிலையிலும் கஃபீன் உண்டு, ஆனால் ஒரு கோப்பைக் கோப்பியில் இருப்பதில் ஏறத்தாழ அரைவாசிதான். சாயம் கடுப்பாக இருந்தால் துவர்ப்பும் கூட, துவர்ப்புக்குக் குடலைக் கொஞ்சம் கட்டுகிற குணம் உண்டு. வயிற்றாலே போகும்போது தேசிக்காய் விட்ட வெறுந்தேத்தண்ணி கொடுக்கிற எங்கள் ஆச்சிமாரின் பழக்கம் அதை நம்பித்தான். ஆகவே தேயிலை மட்டும் கோப்பி அளவுக்குக் குடலை ஆட்டாது. ஆனாலும் காலைத் தேத்தண்ணி பலருக்கு வேலை செய்கிறது. ஏன்?

ஏனென்றால் கோப்பைக்குத் துணையாக வேறு மூன்று பேர் நிற்கிறார்கள். முதலாவது விடியல். இரவில் பெருங்குடலும் எங்களோடு சேர்ந்து நித்திரை கொள்கிறது. நாங்கள் எழும்பிக் காலை நிலத்தில் வைத்த கையோடு அதுவும் எழும்புகிறது. கழிவை நெடுந்தூரம் தள்ளுகிற பெரிய அலைகள் ஒரு நாளைக்குச் சில தரம்தான் வரும், அதில் ஒன்று அநேகமாக எழும்பிய பிறகு வருவது. இரண்டாவது, வெறும் வயிற்றில் எது விழுந்தாலும் இரைப்பை விரிந்து அந்த மணி அடிக்கும். மூன்றாவது பழக்கம். பத்து வருடமாகத் தேத்தண்ணிக்குப் பிறகு கழிப்பறைக்குப் போகிற ஒருவரின் உடம்பு, கேத்தல் கொதிக்கிற சத்தத்துக்கே ஆயத்தமாகிவிடும். பள்ளிக்கூட மணி அடித்தால் பிள்ளைகள் புத்தகத்தை மூடுவதுபோல. மணி பிள்ளைகளைப் பலவீனமாக்கியதாக யாரும் சொல்வதில்லையே.

இங்கேதான் "குடல் சோம்பேறியாகும்" என்ற பயத்துக்கு வருகிறோம். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதும் விளங்குகிறது. அந்தக் காலத்தில் மாதத்துக்கு ஒருமுறை பேதி குடிக்க வைப்பார்கள். அதைத் தொடர்ந்து எடுத்தால் குடல் தன் வேலையை மறந்துவிடும் என்ற எச்சரிக்கை வைத்தியப் புத்தகங்களிலும் நெடுங்காலம் இருந்தது. இப்போது அந்த எச்சரிக்கையின் பலம் குறைந்துவிட்டது. நிலாவரையிலிருந்து எடுக்கிற சென்னா போன்ற குளிசைகள்கூட, வைத்தியர் சொல்லும் அளவில் எடுத்தால் குடல் நரம்பைக் கெடுக்கின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. பேதிக் குளிசைக்கே இந்த நிலை என்றால், ஒரு கோப்பைத் தேத்தண்ணி எம்மாத்திரம்?

ஆஸ்பத்திரியில் கோப்பியை மருந்தாகப் பாவித்துப் பார்த்ததும் உண்டு. பெருங்குடலில் சத்திரசிகிச்சை செய்தால் குடல் சில நாட்களுக்கு அசையாமல் கிடக்கும். ஜெர்மனியின் ஹைடல்பேர்க்கில் அப்படிச் சத்திரசிகிச்சை செய்த 80 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு ஒரு நாளைக்கு மூன்று தரம் கோப்பியும், மறு பகுதியினருக்கு அதே அளவு தண்ணியும் கொடுத்தார்கள். கோப்பி குடித்தவர்களுக்கு முதல்முறை மலம் போக ஏறத்தாழ 60 மணித்தியாலம் எடுத்தது, தண்ணி குடித்தவர்களுக்கு 74. 2012இல் வந்த இந்த முடிவில் கோப்பியால் கெடுதல் வந்ததாக எதுவும் இல்லை. வெட்டித் தைத்த குடலே தாங்குகிற ஒன்றுக்கு எங்கள் சாதாரணக் குடல் பயப்படத் தேவையில்லை.

தேத்தண்ணியை நிறுத்தினால் ஒன்றிரண்டு நாள் வெளிக்கு வராதே, அது அடிமைத்தனம் இல்லையா என்று கேட்பீர்கள். மணி மாறினால் உடம்பு புது நேரத்தைப் பிடிக்க ஓரிரு நாள் எடுக்கும். வெளிநாடு போனவர்களுக்கும், கல்யாண வீட்டில் நாலு நாள் தங்கினவர்களுக்கும் நடப்பது இதுதான். கஃபீனுக்கு ஒரு பழக்கப்பிடி உண்டு என்பது உண்மை, ஆனால் அது தலையைப் பிடிப்பது, குடலை அல்ல. திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் தலையிடி, சோர்வு, எரிச்சல் தொடங்கும், சில நாளில் போய்விடும். இதை நோன்பு பற்றிச் சொல்லும்போது திரும்பவும் பார்ப்போம்.

அப்படியென்றால் கெடுதல் எங்கே?

எங்கள் தீவின் ஒரு காலையை எடுத்துப் பாருங்கள். ஊர்காவற்றுறைப் பக்கம் போகிற படகைப் பிடிக்க வேண்டிய ஒருவர். விடியப்புறம் எழும்பிப் பிள்ளையின் சாப்பாட்டைக் கட்டி, கடைசி நிமிடத்தில் நின்ற நிலையில் ஒரு தேத்தண்ணியை விழுங்கிவிட்டு இறங்குதுறைக்கு ஓடுகிறார். மணி அடித்தாயிற்று. படகு நகரத் தொடங்கும்போது பெருங்குடலின் அலை கழிவை மலக்குடலுக்குள் கொண்டுவந்து வைக்கிறது. மலக்குடல் விரிகிறது, வெளிக்கு வருகிற உணர்வு வருகிறது. படகில் என்ன செய்வது? அடக்குகிறார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் உணர்வு மறைந்துவிடும். "சரி, போட்டுது" என்று நிம்மதி.

அது போகவில்லை. அது உள்ளேதான் இருக்கிறது. பெருங்குடலின் முக்கியமான வேலை தண்ணியை உறிஞ்சுவது. கழிவு எவ்வளவு நேரம் கூட நிற்கிறதோ, அவ்வளவு தண்ணியை அது இழக்கும். பின்னேரம் வீடு திரும்பும்போது கழிவு காய்ந்து இறுகியிருக்கும், ஆனால் அடிக்கிற மணி இல்லை. அடுத்த நாளும் இதே கதை. மாதக்கணக்கில் இப்படி நடந்தால் மலக்குடல் விரிந்த நிலைக்குப் பழகிவிடுகிறது. முன்பு சிறிதளவு வந்தாலே தந்த உணர்வை இப்போது நிறைய வந்தால்தான் தருகிறது. பிறகு முக்க வேண்டும், வலிக்கும், வெடிப்பு வரும், மூலம் வரும். அப்போதுதான் அவர் சொல்லுவார்: "ஒரு தேத்தண்ணி பத்தாது, இப்ப ரெண்டு குடிச்சால்தான் வருகுது." பழி கோப்பையின் தலையில் விழும். ஒவ்வொரு நாளும் கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தியது நாங்கள்தான்.

பெரியவர்களாவது பரவாயில்லை. ஆசிரியர்களாக எங்களுக்குக் கவலை பிள்ளைகளைப் பற்றி. அப்போது களனிப் பல்கலைக்கழகத்தில் இருந்த சிறுவர் வைத்தியர் ஷமன் ராஜிந்திரஜித்தும் குழுவினரும் இலங்கைப் பாடசாலைகளில் 10 முதல் 16 வயது வரையான 2694 பிள்ளைகளைக் கேட்டு 2012இல் வெளியிட்ட ஆய்வில், 100க்கு 15 பேருக்கு மேல் மலச்சிக்கல் இருந்தது. போர் பாதித்த பகுதிப் பிள்ளைகளில் அது 18. மனச்சுமைக்கும் வயிற்றுக்கும் இருக்கிற தொடர்பு அந்தக் கணக்கில் தெரிகிறது.

பிள்ளை காலையில் பால் தேத்தண்ணியும் பிஸ்கற்றும் சாப்பிட்டுவிட்டு வருகிறது. முதல் பாடம் நடக்கும்போது உணர்வு வரும். கை உயர்த்திக் கேட்கக் கூச்சம். கேட்டாலும் கழிப்பறையில் தண்ணி இருக்காது, அல்லது கதவுக்குக் கொண்டி இருக்காது. அடக்குகிறது. நாளடைவில் மலம் கல்லாகி, போகும்போது வலிக்கிறது. வலிக்குப் பயந்து இன்னும் அடக்குகிறது. இப்படி அடைத்து நிற்கிற கட்டியைச் சுற்றி நீராக்கமான மலம் கசிந்து உடுப்பில் படும். வீட்டில் "வயிற்றாலே போகுது" என்று தேத்தண்ணியைக் கடுப்பாக்கிக் கொடுப்பார்கள், வகுப்பில் மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். அது வயிற்றோட்டமும் இல்லை, அந்தப் பிள்ளையின் ஊத்தைப் பழக்கமும் இல்லை. முற்றிய மலச்சிக்கல். உடுப்பில் அடிக்கடி கறை படுகிற பிள்ளையைக் கண்டால் ஏசாமல் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள் என்று பெற்றோரையும் எங்கள் சக ஆசிரியர்களையும் கேட்கிறோம். பெரிய பெண்பிள்ளைகள் இன்னொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் போகாமலிருக்கக் காலையிலிருந்து தண்ணியே குடிப்பதில்லை. அது மலச்சிக்கலுக்கு மேலே சிறுநீர்க் கிருமித் தொற்றையும் கூட்டிக்கொண்டு வரும்.

இனிக் குளிர்பானம். சோடா குடித்தாலும் சிலருக்கு வயிறு கலகலக்கும், வெளிக்கு வரும். ஆனால் அது கோப்பி செய்கிற வேலை அல்ல. குளிர்ந்த பானம் இரைப்பையை நிரப்பி மணியை அடிக்கும் என்பது உண்மைதான், அதைச் சும்மா ஒரு கோப்பைத் தண்ணியும் செய்யும். சோடாவின் தனி வேலை சீனியால் வருவது. உறிஞ்ச முடியாத அளவு சீனி ஒரே தரத்தில் குடலுக்குள் வந்தால், அது உடம்பிலிருந்து தண்ணியைக் குடலுக்குள் இழுக்கும். மிச்சத்தைக் கிருமிகள் புளிக்க வைத்துக் காற்றாக்கும். அதுதான் அந்தக் கலகலப்பு. போத்தலின் முகப்பில் ஒரு நிற வட்டம் இருக்கிறதே, 2016இலிருந்து இலங்கையில் கட்டாயமானது, அதைப் பார்த்து வாங்குங்கள். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. "சோடா குடிச்சால் பிள்ளைக்கு லேசாப் போகுது" என்று அதை மருந்தாக்குவதை நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். வயிற்றாலே போகிற பிள்ளைக்குச் சோடா கொடுப்பது அதைவிட மோசம், போகிற தண்ணியை அது இன்னும் கூட்டும். அந்த நேரம் கொடுக்க வேண்டியது ஜீவனி, இல்லாவிட்டால் உப்பிட்ட கஞ்சித்தண்ணி.

பால் தேத்தண்ணியிலும் இப்படி ஒரு சூட்சுமம் உண்டு. வளர்ந்த பிறகு பாலின் இனிப்பைச் செரிக்கிற சக்தி எங்கள் பகுதி ஆட்களில் பலருக்குக் குறைந்துவிடும். பால்மாவைக் கரண்டி கரண்டியாகப் போட்டு அடிக்கிற தேத்தண்ணி அவர்களுக்கு வேலை செய்வது தேயிலையால் அல்ல, செரிக்காத பாலால். எது வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க மணிக்கூட்டைப் பாருங்கள். குடித்துச் சில நிமிடத்தில், வயிற்று நோ இல்லாமல், உருவான மலமாக வந்தால் அது இரைப்பை அடித்த மணி. அரைமணியிலிருந்து இரண்டு மணித்தியாலம் கழித்து, வயிறு ஊதி, இரைந்து, இளக்கமாக வந்தால் பாலையோ சீனியையோ சந்தேகியுங்கள். ஒரு கிழமை பாலில்லாமல் வெறுந்தேத்தண்ணி குடித்துப் பார்த்தால் விடை தெரியும்.

எங்கள் முஸ்லிம் உறவுகளுக்கு நோன்பு மாதத்தில் இந்தக் கேள்வி இன்னும் கிட்ட வருகிறது. காலைக் கோப்பை இல்லாமல் போவதால் பலருக்கு முதல் கிழமையில் இரண்டு தொல்லை: பகலில் தலையிடி, அதோடு மலச்சிக்கல். தலையிடிக்கு வழி, நோன்புக்கு முந்திய கிழமையில் ஒவ்வொரு கோப்பையாகக் குறைத்து வருவது. மலச்சிக்கலுக்கு வழி, கோப்பையை விடாமல் நேரத்தை மாற்றுவது. ஸஹருக்கு எழும்பின உடனே ஒரு கோப்பை தண்ணியும், பிறகு ஒரு சின்னத் தேத்தண்ணியும் குடித்துச் சாப்பிட்டுவிட்டு, சுபஹுக்கு முந்திக் கழிப்பறைக்கு ஒரு பத்து நிமிடம் கொடுங்கள். பலர் செய்வது, கடைசி நிமிடத்தில் எழும்பிச் சாப்பிட்டுத் தொழுதுவிட்டுத் திரும்பவும் படுப்பது. மணி அடித்த நேரத்தில் படுத்துவிடுகிறோம். மலசலத்தை அடக்கிக்கொண்டு தொழ நிற்பதை எங்கள் மார்க்கம் விரும்பவில்லை, முதலில் அதை முடித்துவிட்டு வரச் சொல்கிறது. வருடம் முழுக்க, எல்லாரும் எடுக்கக்கூடிய ஒரு பாடம் அது. நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழமும் கஞ்சியும் இருக்கிற வீட்டில் சோடாப் போத்தலுக்கு இடமே தேவையில்லை.

கோப்பையிடம் கொஞ்சம் தள்ளி நிற்கவேண்டியவர்களும் இருக்கிறார்கள். ஒன்று, குடித்த கையோடு அவசரமாக ஓடவேண்டி வருகிறவர்கள், ஒரு காலையில் மூன்று நாலு தரம் போகிறவர்கள். அவர்களுக்கு மணி ஏற்கனவே பலமாகத்தான் அடிக்கிறது. இரண்டாவது, வெறும் வயிற்றில் குடித்தால் நெஞ்செரிகிற ஆட்கள், எங்கள் பேச்சில் "கஸ்ரிக்" காரர். அவர்கள் ஏதாவது சாப்பிட்ட பிறகு குடிக்கலாம், சாப்பாடும் அதே மணியை அடிக்கும். மூன்றாவது கர்ப்பிணித் தாய்மார். கிளினிக்கில் கொடுக்கிற இரும்புச்சத்துக் குளிசை பலருக்கு மலச்சிக்கலைத் தரும். அதற்காகக் குளிசைக்கு மேலேயே தேத்தண்ணியைக் குடித்தால், தேயிலை அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்குச் சேராது. தேத்தண்ணிக்கும் குளிசைக்கும் நடுவில் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடச் சொல்லிக் குடும்பநல உத்தியோகத்தர் சொல்வது அதனால்தான். குளிசையால் மலம் கறுப்பாகப் போவது வழமை, பயப்பட ஒன்றுமில்லை.

உங்கள் கோப்பை மணி மட்டும்தான் அடிக்கிறதா, அல்லது ஒரு குறையை மூடி மறைக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். இரண்டு மூன்று நாளில் அளவைப் படிப்படியாகக் குறைத்து, பிறகு ஒரு நாலு நாள் தேத்தண்ணிக்குப் பதிலாக இளஞ்சூட்டுத் தண்ணி குடித்து, அதே நேரத்துக்குக் கழிப்பறைக்குப் போங்கள். ஓரிரு நாள் தடுமாறிப் பிறகு ஒழுங்காக வந்தால் எந்தப் பிரச்சினையும் இல்லை, சந்தோசமாகத் தேத்தண்ணிக்குத் திரும்புங்கள். மூன்று நாளாக வராமல், வந்தாலும் ஆட்டுப்புழுக்கை மாதிரிக் கட்டியாக வந்தால், உங்களுக்குக் குறைவு தேத்தண்ணி அல்ல. தண்ணியும் நாரும் குறைவு. வெள்ளைப் பாணும் சோறும் மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையை நம்புவது, வெறும் வள்ளத்துக்கு இயந்திரத்தைப் பூட்டுவது மாதிரி. தள்ளுவதற்குக் குடலில் ஏதாவது இருக்க வேண்டுமே. முருங்கையிலை வறை, ஒடியல் கூழ், குரக்கன் புட்டு, பப்பாசி, கொய்யா, இதெல்லாம் காசு கொடுத்துத் தேடவேண்டிய சாமான்கள் இல்லை.

ஒவ்வொரு நாளும் வெளிக்குப் போயே ஆகவேண்டும் என்ற கவலையும் வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று தரம் தொடக்கம் கிழமைக்கு மூன்று தரம் வரை, வலியில்லாமல் போனால் அது சாதாரணம்.

ஆனால் சில அடையாளங்களைக் கண்டால் எந்தக் கோப்பையையும் கூட்டிப் பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்: மலத்தில் இரத்தம், இரும்புக் குளிசை எடுக்காத ஒருவருக்குத் தார் மாதிரிக் கறுப்பு மலம், காரணமில்லாமல் உடல் மெலிவு, நித்திரையிலிருந்து எழுப்புகிற வயிற்றோட்டம், வயிறு வீங்கிக் காற்றுக்கூடப் போகாமல் சத்தி எடுப்பது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்குப் பல வருடமாக இருந்த ஒழுங்கு திடீரென்று மாறினாலும் அப்படித்தான். "முந்தி ஒரு தேத்தண்ணியோட வரும், இப்ப ரெண்டு மாசமா என்ன குடிச்சாலும் வரவில்லை" என்று அப்பாவோ அம்மாவோ சொன்னால் பகிடியாக எடுக்காதீர்கள். கடல் கடந்து போகவேண்டிய எங்களுக்கு இதில் பிந்துவது மிகச் சுலபம். ஊர்காவற்றுறைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக இரவில் யோசிப்பதைவிடப் பகலில் எங்கள் தீவு வைத்தியசாலையில் ஒருமுறை சொல்லிவிடலாம்.

ஆகவே எங்கள் முடிவு இது. காலைத் தேத்தண்ணியை விடச் சொல்லி யாரையும் வற்புறுத்த வேண்டாம். நாளொன்றுக்கு இரண்டு மூன்று கோப்பை குடிக்கிற சுகதேகிக்கு அதனால் குடல் கெடாது. ஆனால் தேத்தண்ணியை இறங்குதுறைக்கு ஓடும்போது குடிக்காமல், இருபது நிமிடம் முந்திக் குடியுங்கள். அந்த இருபது நிமிடத்தில் வீட்டில் யாராவது பிள்ளையின் புத்தகப்பையைக் கட்டட்டும், எல்லாம் அம்மாவின் தலையில் விழுவதால்தான் அவவுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தும் முன் பத்து நிமிடம் கழிப்பறையில் இருக்க விடுங்கள், "கெதியா வா" என்று கதவில் தட்டாதீர்கள்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் மேடைக்கும் மதிலுக்கும் காசு சேர்க்கிறோம். அடுத்த கூட்டத்தில் ஒருவராவது எழும்பி மூன்று கேள்வி கேளுங்கள்: பிள்ளைகளின் கழிப்பறையில் இன்று தண்ணி வந்ததா? கதவுக்குக் கொண்டி இருக்கிறதா? பாடம் நடக்கும்போது கேட்கிற பிள்ளையை அனுப்புகிறோமா? மூன்றாவதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள். இறங்குதுறைக் கழிப்பறைகளுக்கும் முதல் இரண்டு கேள்விகள் பொருந்தும்.

இதைத் தயக்கமில்லாமல் வீட்டில் கதையுங்கள். ஆச்சிக்கும் வாசித்துக் காட்டுங்கள், அவவிடம் சொல்ல நிறைய இருக்கும்.